இறங்கும் முன்பே அடிக்க வேண்டிய மணி

"சுங்கை வே போய்ச் சேர்ந்ததும் பாட்டிக்கு மருந்து வாங்க ஞாபகப்படுத்து." இப்படி ஒரு கட்டளையைக் கைப்பேசியில் பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மாலை 5 மணிக்கு மணி அடி என்று சொன்னால் கைப்பேசி சரியாக 5 மணிக்கு அடித்துவிடும். அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தை அடைந்ததும் மணி அடி என்றால், சில நாள் சரியாக அடிக்கிறது, சில நாள் மருந்துக்கடையைத் தாண்டி இரண்டு தெரு போன பிறகு அடிக்கிறது, சில நாள் அடிப்பதே இல்லை. ஏன்?

கைப்பேசி பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பழுதல்ல. தாமதமாக அடிப்பது என்பது கைப்பேசியை வடிவமைத்தவர்கள் தெரிந்தே செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால், பாட்டியின் மருந்தைத் தவறவிடாமல் வாங்க முடியும்.

இந்த வசதிக்கு அடிப்படையாக இருப்பதன் பெயர் ஜியோஃபென்ஸ். தமிழில் புவிவேலி என்று சொல்லலாம். வரைபடத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்ட வேலியைப் போடுகிறோம். நாம் அந்த வேலிக்குள் நுழைந்தால் அல்லது வெளியேறினால் கைப்பேசி நமக்குத் தெரிவிக்கிறது. ஐஃபோனின் நினைவூட்டல் செயலியில் இந்த வசதி 2011-இல் வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் எந்தச் செயலியும் பயன்படுத்திக்கொள்ளும்படி 2013-இல் கூகிள் இதைத் திறந்துவிட்டது.

வேலி என்றதும் பெரிய ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். கைப்பேசிக்குள் ஒரு வேலி என்பது மூன்றே மூன்று எண்கள்தான். வட்டத்தின் மையத்திற்கு ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, பிறகு ஆரம். அவ்வளவுதான். நாம் உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்று கண்டுபிடிக்கப் படிவம் 1-இல் நீங்கள் படித்த பைதகோரஸ் தேற்றமே போதும்.

செய்து பார்ப்போம். சுங்கை வே வட்டாரம் ஏறக்குறைய வட அட்சரேகை 3.08 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 101.61 பாகையில் இருக்கிறது. வேலியின் மையம் 3.0800, 101.6100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைப்பேசி 3.0815, 101.6120 என்ற இடத்தில் இருக்கிறது. ஒரு பாகை என்பது தரையில் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். வடக்கே போனாலும் கிழக்கே போனாலும் நமக்கு இதே கணக்குதான். நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் கிடைத்த வசதி இது. லண்டனில் இருப்பவர்கள் கிழக்கு மேற்குத் தூரத்தை வேறு எண்ணால் பெருக்க வேண்டும்.

வடக்கு நோக்கிய வேறுபாடு 0.0015 பாகை. அதை 111,000 மீட்டரால் பெருக்கினால் 166.5 மீட்டர். கிழக்கு நோக்கிய வேறுபாடு 0.0020 பாகை, அதாவது 222 மீட்டர். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 277.5 மீட்டர். வேலியின் ஆரம் 150 மீட்டராக இருந்தால் நீங்கள் வெளியே. 300 மீட்டராக இருந்தால் உள்ளே.

இந்தக் கணக்கைக் கைப்பேசியின் செயலகம் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை போட்டுவிடும். ஆகவே கணக்கில் சிக்கல் இல்லை. அந்தக் கணக்கிற்குத் தேவையான ஒரு தகவலைப் பெறுவதில்தான் செலவு. "நான் இப்போது எங்கே இருக்கிறேன்?" என்ற கேள்விக்கான விடைதான் அந்தத் தகவல்.

அந்த விடையைத் தரும் ஜிபிஎஸ் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் வானொலி அலை நம்மை அடையும்போது மிக மிக மெலிந்துபோயிருக்கும். சுற்றியுள்ள மின்காந்த இரைச்சலைவிடவும் மெலிந்த அந்த அலையை, குறைந்தது நான்கு துணைக்கோளங்களிலிருந்து, கைப்பேசி தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு துணைக்கோளமும் தான் எந்தப் பாதையில் போகிறது என்ற விவரத்தை வினாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. அந்த விவரத்தை வானத்திலிருந்தே முழுதாகக் கேட்க வேண்டுமானால் அரை நிமிடம் போய்விடும். அதனால்தான் கைப்பேசிகள் அதை இணையம் வழியாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கின்றன. அப்படியிருந்தும் அலையைத் தேடும் வேலை குறைவதில்லை. அந்த நேரம் முழுவதும் ஜிபிஎஸ் சில்லும் செயலகமும் விழித்திருக்க வேண்டும்.

விழித்திருந்தால் என்ன ஆகும்? சாதாரணக் கைப்பேசி ஒன்றின் பேட்டரியில் ஏறக்குறைய 15 வாட்-மணி ஆற்றல் இருக்கும். ஜிபிஎஸ்ஸும் அதற்காக விழித்திருக்கும் செயலகமும் சேர்ந்து 0.3 வாட் எடுக்கின்றன என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். கைப்பேசிக்குக் கைப்பேசி இது மாறும். 24 மணி நேரம் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் 0.3 ஐ 24 ஆல் பெருக்க வேண்டும். 7.2 வாட்-மணி. பேட்டரியில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. நாளுக்கு ஒரு முறை, ஒரே ஒரு வினாடி அடிக்க வேண்டிய மணிக்காக!

இப்போது வேறு மாதிரி செய்வோம். இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை மட்டும், ஒவ்வொரு முறையும் 5 வினாடி விழித்துப் பார்க்கட்டும். ஒரு முறை பார்க்க 0.3 வாட் பெருக்கல் 5 வினாடி, அதாவது 1.5 ஜூல். ஒரு நாளில் 720 முறை பார்த்தால் 1,080 ஜூல். ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல் என்பதால், இது வெறும் 0.3 வாட்-மணி. பேட்டரியில் நூற்றுக்கு இரண்டு பங்கு. பாதி பேட்டரி எங்கே, இரண்டு விழுக்காடு எங்கே!

ஆனால் இந்தச் சேமிப்பு இலவசமாக வரவில்லை. இரண்டு பார்வைகளுக்கு இடையே இரண்டு நிமிட இருட்டு இருக்கிறது. அந்த இருட்டில் நீங்கள் வேலிக்குள் நுழைந்தால் கைப்பேசிக்குத் தெரியாது.

உண்மையில் கைப்பேசிகள் இதைவிடவும் சாமர்த்தியமானவை. கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறிச் சுங்கை வேக்கு வருகிற ஒருவர், வழியில் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முழுத் தூக்கம் தூங்குவதில்லை. அப்துல்லா ஹுக்கும், அங்காசாபுரி, பந்தாய் டாலாம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் அரைக் கண் திறந்து பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார். பெட்டாலிங், ஜாலான் டெம்ப்ளர் தாண்டியதும் இருக்கையில் நிமிர்ந்து உட்காருவார். கம்போங் டத்தோ ஹருன் வந்துவிட்டால் பையை எடுத்து மாட்டிக்கொள்வார். அடுத்ததுதான் செரி செத்தியா.

கைப்பேசியும் அப்படித்தான். அழைப்புகளைப் பெறுவதற்காக அது எப்படியும் அருகிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தோடு தொடர்பில் இருக்கிறது. கோபுரம் மாறினால், "இடம் மாறிவிட்டோம்" என்ற அரைகுறைத் தகவல் கூடுதல் செலவின்றிக் கிடைக்கிறது. அது அரைக் கண். அடுத்தது வைஃபை. சுற்றியிருக்கும் கடைகள், வீடுகள் ஆகியவற்றின் வைஃபை பெட்டிகள் தங்கள் அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி அவற்றில் எதனோடும் இணைய வேண்டியதில்லை. எந்தெந்த எண்கள் காதில் விழுகின்றன என்று கேட்டு, அந்த எண்கள் எங்கே இருக்கின்றன என்ற பெரிய பட்டியலோடு ஒப்பிட்டு, தான் இருக்கும் இடத்தை ஊகித்துக்கொள்கிறது. இன்னும் துல்லியம் தேவைப்பட்டால் மட்டுமே ஜிபிஎஸ்.

இன்னொரு காவலாளியும் உண்டு. கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி. அசைவை உணரும் இந்தச் சிறு உணரிக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். பள்ளியில் ஆறு மணி நேரம் பைக்குள் கிடக்கும் கைப்பேசி அசையவே இல்லை என்று அது சொல்லிவிட்டால், இருப்பிடத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அசையாத பொருள் வேலியைத் தாண்டாது!

இதற்கும் ஒரு விலை உண்டு. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவோருக்குக் கூகிள் தரும் கையேட்டில் இது வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சாதாரணமாக அறிவிப்பு இரண்டு நிமிடத்திற்குள் வரும். கைப்பேசி நகர்ந்துகொண்டிருந்தால் அதைவிட விரைவாகவும் வரலாம். வெகுநேரம் ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஆறு நிமிடம் வரை தாமதமாகலாம். ஆப்பிள் நிறுவனமும் தன் வழிகாட்டியில், சராசரியாக மூன்று முதல் ஐந்து நிமிடத்திற்குள் அறிவிப்பை எதிர்பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறது. எல்லையைத் தாண்டிய கணத்திலேயே மணி அடிக்கும் என்று இரு நிறுவனங்களுமே வாக்குக் கொடுக்கவில்லை.

தாமதம் ஒரு பக்கம் இருக்கட்டும். துல்லியத்திற்கு வருவோம். வரைபடத்தில் உங்கள் இருப்பிடம் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிகிறது. அதைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கைப்பேசியின் நேர்மை அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. "நீ இந்த வட்டத்திற்குள் எங்கோ இருக்கிறாய்" என்பதே அது சொல்லும் உண்மையான விடை. திறந்தவெளியில், ஜிபிஎஸ் நன்றாகக் கிடைத்தால் அந்த வட்டத்தின் ஆரம் 5 மீட்டர் அளவிற்குச் சுருங்கும். வைஃபையை வைத்து ஊகித்தால் பெரும்பாலும் 20 முதல் 50 மீட்டர். கோபுரம் மட்டுமே கதி என்றால் சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை விரிந்துவிடும்.

இப்போது வேலியை நினைத்துப் பாருங்கள். மருந்துக்கடையின் வாசலைச் சுற்றி 20 மீட்டர் ஆரத்தில் ஒரு வேலி போடுகிறீர்கள். நீங்கள் இருக்கும் இடமோ 50 மீட்டர் ஆரமுள்ள மங்கலான வட்டம். கால்பந்து நுழைகிற துளைக்குள் பூசணிக்காயைப் போடப் பார்ப்பதுபோல! கடைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாலும் கைப்பேசிக்கு நீங்கள் வெளியே இருப்பதாகத் தோன்றலாம். இதனால்தான் வேலியின் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்கட்டும் என்று கூகிளின் கையேடு சொல்கிறது.

வேலியின் ஓரத்திலேயே ஒருவரின் வீடு இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். அவர் சோபாவில் உட்கார்ந்திருப்பார். ஆனால் கைப்பேசியின் ஊகம் முன்னும் பின்னும் தள்ளாடும். உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க ஐஃபோன் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. எல்லையைத் தாண்டினால் மட்டும் போதாது. எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரம் விலகி, அங்கே 20 வினாடியாவது இருக்க வேண்டும். அதன் பிறகுதான் அறிவிப்பு. பொய் மணியைக் குறைக்க, உண்மை மணியைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறார்கள். எனக்கு இது நியாயமான பேரமாகவே படுகிறது. ஒரு நாளில் நான்கு முறை வீணாக அடிக்கும் மணியை ஐந்தாம் முறை யார் கவனிப்பார்கள்?

வேலிக்கு மாடி தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறீர்களா, மேல்தளத்தில் இருக்கிறீர்களா என்று இந்த வட்டம் பார்ப்பதில்லை. சாலையின் எந்தப் பக்கம் என்பதும் அதற்குத் தெரியாது. கூட்டரசு நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கடையைச் சுற்றி வட்டம் போட்டால், அது நெடுஞ்சாலையைத் தாண்டி அந்தப் பக்கத்தையும் விழுங்கிவிடும். அந்தப் பக்கம் நிற்பவருக்கும் "வந்துவிட்டாய்" என்று மணி அடிக்கும். அவர் கடைக்கு வர எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்பது சுங்கை வே வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவையும் சேர்த்து இப்போது ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். படிவம் 4 மாணவர் ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் முடித்து, கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறி, செரி செத்தியா நிலையத்தில் இறங்குகிறார். நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து போகிற வழியில், 100 மீட்டர் தூரத்தில் மருந்துக்கடை. அந்தக் கடையை மையமாக வைத்து 150 மீட்டர் ஆரத்தில் வேலி போட்டிருக்கிறார். கடை, நிலையம் இரண்டுமே வேலிக்குள் அடங்கிவிட்டன. பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ரயில் சராசரியாக வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். இது மணிக்கு 43 கிலோமீட்டர். கைப்பேசி கடைசியாகக் கண் விழித்தபோது ரயில் வேலிக்கு 100 மீட்டர் வெளியே இருந்தது. "இன்னும் வரவில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டது. அடுத்த பார்வை இரண்டு நிமிடம் கழித்து. ரயில் வேகம் குறைந்து நிலையத்தில் நிற்க அரை நிமிடம் ஆகிறது. மாணவர் இறங்கி, அட்டையைத் தட்டி வெளியேற இன்னொரு அரை நிமிடம். மீதி ஒரு நிமிடம் நடக்கிறார். வினாடிக்கு 1.2 மீட்டர் வீதம் 72 மீட்டர். கைப்பேசி கண் விழிக்கிறது. "ஆ! உள்ளே வந்துவிட்டோம்!" மணி அடிக்கிறது. கடை இன்னும் 28 மீட்டர் தூரத்தில். தப்பித்தார்.

ஆனால் அதே நாளில் தாமதம் மூன்று நிமிடமாக இருந்திருந்தால்? கூடுதலாக ஒரு நிமிடம் நடந்திருப்பார். கடையைத் தாண்டி 44 மீட்டர் போன பிறகு மணி அடிக்கும். ஐந்து நிமிடமாக இருந்திருந்தால் கடையைத் தாண்டி ஏறக்குறைய 190 மீட்டர். இன்னும் சொல்லப்போனால் அப்போது அவர் 150 மீட்டர் வேலியை விட்டே வெளியேறியிருப்பார். கைப்பேசி கண் விழித்துப் பார்க்கும்போது மாணவர் வெளியே இருக்கிறார். முன்பு பார்த்தபோதும் வெளியே. இடையில் உள்ளே போய் வந்ததற்குச் சாட்சியே இல்லை. மணி அடிக்காது! சில நாள் சரியாக, சில நாள் தாமதமாக, சில நாள் அடிக்காமலே போவதன் இரகசியம் இதுதான். மூன்று நாளும் ஒரே கைப்பேசி, ஒரே வேலி. கண் மூடிய நேரம்தான் வேறு.

காரில் போகிறவருக்கு இது இன்னும் மோசம். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில் போகும் கார், 150 மீட்டர் ஆரமுள்ள வேலியை 15 வினாடியில் குறுக்கே கடந்துவிடும். இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை பார்க்கும் கண்ணுக்கு அது அகப்படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அப்படியானால் என்ன செய்வது? மேலே உள்ள கணக்கிலேயே விடை இருக்கிறது. வேலியின் ஆரம், நீங்கள் வரும் வேகத்தைத் தாமதத்தால் பெருக்கினால் கிடைக்கும் தூரத்தைவிடக் குறையக் கூடாது. நடப்பவருக்கு 1.2 ஐ 120 வினாடியால் பெருக்கினால் 144 மீட்டர். ஆகவே நடந்து வருபவருக்கு 150 மீட்டர் வேலி போதும். ரயிலில் வருபவருக்கு 12 ஐ 120 ஆல் பெருக்கினால் 1,440 மீட்டர். அவருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வேலி வேண்டும். நமது மாணவர் செய்த தவறு, ரயிலில் வருகிறவர் நடப்பவருக்குரிய வேலியைப் போட்டதுதான்.

ஒன்றரைக் கிலோமீட்டர் வேலி போட்டால் இன்னொரு தொல்லை வரும். அதன் பரப்பளவு ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு காரில் அந்தப் பக்கமாகப் போனாலும் "மருந்து வாங்கு" என்று மணி அடிக்கும். இதைவிட எனக்குப் பிடித்த வழி வேறு. வட்டத்தைப் பெரிதாக்காமல் இடம் மாற்றுங்கள். மருந்துக்கடையைச் சுற்றிப் போடாமல், ரயில் கட்டாயம் நின்று போகும் முந்தைய நிலையங்களில் ஒன்றைச் சுற்றிப் போடுங்கள். ஜாலான் டெம்ப்ளரைச் சுற்றி 500 மீட்டர் வேலி போட்டால், ரயில் வேகம் குறைத்து நுழைந்து, நின்று, கிளம்பும் நேரமெல்லாம் வேலிக்குள்ளேயே கழியும். மணி இரண்டு நிமிடம் தாமதமாக அடித்தாலும் நீங்கள் இன்னும் ரயிலுக்குள்தான் இருப்பீர்கள். தூங்குகிற பயணி ஜாலான் டெம்ப்ளரில் நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல.

இடத்தை வைத்து நினைவூட்டும் யோசனை திறன்பேசிகளுக்கு முந்தியது. 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடாலியா மர்மாஸ், கிறிஸ் ஷ்மாண்ட் என்ற இருவர் ஜிபிஎஸ் கருவியை வைத்து இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். கட்டடத்திற்குள் நுழைந்தால் ஜிபிஎஸ் அலை அறுந்துவிடும் அல்லவா? அவர்கள் அந்தக் குறையையே ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே இடத்தருகே மூன்று முறை அலை அறுந்தால், "இங்கே இவர் அடிக்கடி போகும் கட்டடம் ஒன்று இருக்கிறது" என்று கருவி புரிந்துகொண்டு, அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்கும்.

2005-இல் கலிபோர்னியாவில் திமோத்தி சோன் என்பவரும் அவருடைய குழுவினரும் இன்னொரு சோதனை செய்தார்கள். அவர்கள் கைப்பேசிகளில் ஜிபிஎஸ்ஸே இல்லை. தொலைத்தொடர்புக் கோபுரத்தை மட்டும் வைத்து இடத்தை ஊகிக்கும் செயலி அது. பத்துப் பேர் இரண்டு வாரம் பயன்படுத்தினார்கள். துல்லியம் மிகக் குறைவுதான். ஆனாலும் கைப்பேசி எப்போதும் கையோடு இருக்கும் வசதி அந்தக் குறையைவிடப் பெரிதாக இருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். இன்னொன்றும் தெரிய வந்தது. "வீட்டை அடைந்ததும்" என்று ஒருவர் பதிந்தால், அவருக்கு எப்போதும் வீடு என்ற இடம்தான் முக்கியம் என்பதில்லை. "எனக்கு ஓய்வு கிடைக்கும்போது" என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். அப்படிப்பட்ட நினைவூட்டல் ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் கெட்டுப்போகாது. மருந்துக்கடை நினைவூட்டல் அப்படியல்ல.

சரி, ஆரத்தையும் இடத்தையும் மாற்றியும் மணி அடிக்கவில்லை என்றால் காரணம் வேறு. அது எது என்பதைக் கைப்பேசி நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

ஒரு நாள்கூட அடிக்கவில்லையா? அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி `Allow all the time` என்று இருக்க வேண்டும். செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று கொடுத்திருந்தால், கைப்பேசி பைக்குள் இருக்கும்போது அதற்குக் கண் தெரியாது. ஐஃபோனில் நீங்களாக நிறுவிய செயலிக்கு `Always` என்ற அனுமதி தேவை. அதோடு `Precise Location` என்ற பொத்தானும் திறந்திருக்க வேண்டும். அது மூடியிருந்தால் செயலிக்குச் சில கிலோமீட்டர் அகலமுள்ள தோராயமான இடம்தான் கிடைக்கும். அதை வைத்து 150 மீட்டர் வேலியைக் காவல் காக்க முடியாது.

கைப்பேசியை எடுத்துத் திரையைத் திறந்த கணத்தில்தான் அடிக்கிறதா? அப்படியானால் பேட்டரி சேமிப்பு முறை அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கிறது. சில கைப்பேசிகளில் இந்தச் சேமிப்பு மிகக் கடுமையாக இருக்கும். அமைப்புகளில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது திரும்பத் திரும்ப அடிக்கிறதா? நீங்கள் வேலியின் ஓரத்தில் இருக்கிறீர்கள். மையத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வைஃபையை முழுவதுமாக அணைத்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பேட்டரி மிச்சமாகிறது என்று நினைத்துக்கொண்டு கைப்பேசியின் பாதிக் கண்ணைக் கட்டிவிட்டீர்கள் என்று பொருள். கடைவீதியில் ஜிபிஎஸ்ஸைவிட வைஃபையே அதற்கு மலிவான வழிகாட்டி.

மணி எவ்வளவு தாமதமாக அடிக்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். செலவே இல்லாத சோதனை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தை மையமாகக் கொண்டு 150 மீட்டர் வேலி போடுங்கள். வரைபடத்தைப் பார்த்து, நீங்கள் வரும் பாதையில் வேலியின் எல்லை எங்கே விழுகிறது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்குக் கம்பம், ஒரு கடையின் தூண், ஏதாவது ஒன்று. அந்த அடையாளத்தைத் தாண்டும்போது கைக்கடிகாரத்தில் நேரத்தைக் குறியுங்கள். மணி அடித்ததும் மறுபடி குறியுங்கள். இடையில் கைப்பேசியை எடுத்துப் பார்க்காதீர்கள். வரைபடச் செயலியைத் திறந்தால் ஜிபிஎஸ் விழித்துக்கொள்ளும், மணியும் உடனே அடித்துவிடும். பிறகு நீங்கள் அளப்பது வேறு எதையோ ஆகிவிடும்.

ஒரு நாள் நடந்து, ஒரு நாள் மிதிவண்டியில், ஒரு நாள் அரை மணி நேரம் கைப்பேசியை மேசை மேல் அசையாமல் வைத்திருந்துவிட்டுக் கிளம்பி, இப்படி ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து அட்டவணை போடுங்கள். ஐந்தில் மிகப் பெரிய தாமதம் எதுவோ, அதை எடுத்து உங்கள் வேகத்தால் பெருக்குங்கள். சராசரியை எடுக்காதீர்கள். சராசரியை நம்பி வேலி போட்டால், தாமதம் அதைவிடக் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் பாட்டிக்கு மருந்து கிடைக்காது.